640 மாணவர்களுக்கு நுழைவுச்சீட்டு பிடிஎஃப்: எண்ணிக்கை பொருந்தவில்லை, பார்கோடும் சரியாகப் படிக்கவில்லை

பிறைத் தொண்டர் (பிறை, பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப் பயிற்சிக் குழு ஆண்டுதோறும் நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு இம்முறை 640 மாணவர்கள் பதிவு செய்துள்ளார்கள். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். அதிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் ஏஃபைவ் அளவில் ஒரு சீட்டை ரிப்போர்ட்லேப் கொண்டு உருவாக்குகிறேன். வலப்பக்கம் 35க்கு 50 மில்லிமீட்டர் அளவில் படத்துக்கான கட்டமும், அதன் கீழே அதே 35 மில்லிமீட்டர் அகலத்தில் மாணவரின் தேர்வு எண்ணான ஆங்கா கிலிரான் அடங்கிய பார்கோடும் இருக்கின்றன. தேர்வு நாளில் வாசலில் இருப்பவர் ஸ்கேனரைக் காட்டியதும் வருகைப் பட்டியலில் அந்த மாணவரின் வரி தானாகக் குறிக்கப்பட வேண்டும் என்பது திட்டம்.

மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டேன். முதலாவது எண்ணிக்கை. என் நிரல் 615 சீட்டுகளை உருவாக்கியதாகத் திரையில் சொல்கிறது, ஆனால் கோப்புறையில் 602 பிடிஎஃப்கள் மட்டுமே இருக்கின்றன, பதிவானவர்களோ 640 பேர். இரண்டாவது பார்கோடு. சோதனைக்காக அச்சிட்ட 30 தாள்களில் 11 தாள்களை ஸ்கேனர் படிக்கவே இல்லை. படித்தவற்றிலும் சிலவற்றுக்கு வருகைப் பட்டியல் "அப்படி ஒரு எண் இல்லை" என்கிறது. மூன்றாவது, சில படங்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் மாணவரின் பெயரையே வைத்திருக்கிறேன். முதலில், பெயரில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் "A/L", "A/P" என்பவற்றில் உள்ள சாய்கோட்டால் நிரல் நின்றுபோனது. அதைச் சிறுகோடாக மாற்றிய பிறகு ஓடுகிறது.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம் (கோலாலம்பூர்)

இருபது ஆண்டுகளாக அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி இதை மிகவும் சிக்கலாக்கிக்கொண்டார். கோட் 39 எழுத்துரு ஒன்றை இறக்கிக்கொண்டு, எண்ணின் முன்னும் பின்னும் உடுக்குறி ஒன்றைச் சேர்த்து, வேர்டில் மெயில் மெர்ஜ் போட்டால் பார்கோடு தானாக வந்துவிடும். எங்கள் கடையில் பரிசுக்கூப்பன்களுக்கு இப்படித்தான் செய்கிறோம், எந்த ஸ்கேனரும் படிக்காமல் விட்டதில்லை.

---

பட்டர்வொர்த் ஆசிரியை

பார்கோடு இல்லாமல் தேர்வு நடத்த முடியாதா? எங்கள் வகுப்பில் மாணவர்களின் அடையாள அட்டை எண்ணையே பட்டியலாக வைத்திருக்கிறோம், தனியாக ஆங்கா கிலிரான் தேவைப்படவில்லை. ஆனால் கடந்த முறை எக்செலில் அந்தப் பட்டியலைத் திறந்தபோது சில எண்கள் பதினொரு இலக்கமாகக் குறைந்திருந்தன. பொய்யான அட்டை எண்ணைப் பிள்ளைகள் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பெற்றோர்களை அழைத்தே கேட்டுவிட்டேன். அதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். போலிப் பதிவுகளைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

---

செந்தூல் நிரலர் (கோலாலம்பூர்)

ஆசிரியை அக்கா, நீங்கள் கேட்டது வேறு கேள்விதான் என்றாலும், பிறைத் தொண்டரின் சிக்கலில் பாதிக்கு விடை உங்கள் கதையிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி என்பதால், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில்தான் தொடங்கும். எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னாலுள்ள சுழியத்தை விழுங்கிவிட்டது.

தொண்டரே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஆங்கா கிலிரான் எத்தனை இலக்கம்? அது தரவுத்தளத்தில் எந்த வகை நெடுவரிசையில் இருக்கிறது? பட்டியலில் இல்லை என்று சொல்லப்பட்ட சீட்டுகள் எந்த மையத்தைச் சேர்ந்தவை?

---

பிறைத் தொண்டர்

பத்து இலக்கம், அக்கா. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம். அடையாள அட்டையில் உள்ள மாநில எண்களையே எடுத்துக்கொண்டோம். பினாங்கு 07, கெடா 02, பேராக் 08, கோலாலம்பூர் 14. நெடுவரிசையின் வகை `INT`. நீங்கள் கேட்ட பிறகுதான் தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். பட்டியலில் இல்லை என்று வந்தவை அனைத்தும் பினாங்கு, கெடா, பேராக் மையங்களைச் சேர்ந்தவை. கோலாலம்பூர்த் தாள்களில் ஒன்றுகூட அப்படி வரவில்லை.

---

செந்தூல் நிரலர்

அப்படியானால் அது உறுதியாகிவிட்டது. `0712040356` என்ற எண் `INT` நெடுவரிசைக்குள் போனதும் `712040356` ஆகிவிடுகிறது, பார்கோடும் அந்த ஒன்பது இலக்கத்தைத்தான் உண்மையாகச் சொல்கிறது. வருகைப் பட்டியலில் சுழியத்தோடு இருப்பதால் இரண்டும் சேரவில்லை. கணக்கிடத் தேவையில்லாத எண்ணை எழுத்தாகவே வைக்க வேண்டும். வரிசை முக்கியம், முதலில் வகையை மாற்றிவிட்டுப் பிறகு சுழியத்தை நிரப்புங்கள்:

```sql
ALTER TABLE calon MODIFY giliran CHAR(10) NOT NULL;
UPDATE calon SET giliran = LPAD(giliran, 10, '0');
```

மாற்றிய பிறகு பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்தால், ஆசிரியை அக்காவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். தரவு இறக்குமதி வழியாக, அந்த நெடுவரிசையை எழுத்து என்று குறித்துத் திறக்கச் சொல்லுங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். 640, 615, 602 என்ற மூன்று எண்களுக்கும் ஒரே காரணம் இருக்க முடியாது. 640 என்பது 615 ஆனது வினவலில் நடந்திருக்க வேண்டும். 615 என்பது 602 ஆனது கோப்பைச் சேமிக்கும்போது நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் நிரல் 615 முறை எழுதியிருக்கிறது, ஆனால் சில கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. படங்கள் தனி அட்டவணையில்தான் இருக்கின்றனவா? இரண்டையும் வெறும் `JOIN` கொண்டு இணைத்திருந்தால், படம் கொடுக்காத மாணவர் சத்தமில்லாமல் காணாமல் போவார், படத்தை இரண்டு முறை ஏற்றிய மாணவர் இரண்டு வரியாக வருவார். படமே கொடுக்காதவர் எத்தனை பேர், இரண்டு முறை கொடுத்தவர் எத்தனை பேர், ஒரே பெயரில் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணிச் சொல்லுங்கள்.

---

பிறைத் தொண்டர்

எண்ணிப் பார்த்தேன், வியந்துபோனேன். படம் இல்லாதவர்கள் 34 பேர், ஆகவே 606 பேர் மிஞ்சுகிறார்கள். 9 பேர் இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள், அதைக் கூட்டினால் 615 வரிகள். அந்த ஒன்பதும் ஒரே பெயரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேமிக்கப்பட்டு மறுபடியும் 606 ஆகிறது. அதன் பிறகு, வெவ்வேறு மாணவர்கள் ஆனால் தந்தை பெயர் உட்பட முழுப்பெயரும் ஒன்றாக உள்ளவர்கள் நான்கு இணைகள். அந்த நான்கு இணைகளிலும் ஒருவருடைய சீட்டு அழிந்திருக்கிறது. 602 சரியாக வருகிறது. ஆக, 38 பிள்ளைகள் சீட்டில்லாமல் தேர்வு வாசலில் நின்றிருப்பார்கள்.

---

செந்தூல் நிரலர்

எண்கள் சரியாகக் கூடுவதால், ஐந்தாவது காரணம் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. கோப்புக்கு ஆங்கா கிலிரானையே பெயராக வையுங்கள். சாய்கோட்டுத் தொல்லையும் அதோடு போய்விடும். வினவலை இப்படி மாற்றுங்கள்:

```sql
SELECT c.giliran, c.nama, c.pusat, p.fail
FROM calon c
LEFT JOIN gambar p ON p.id =
  (SELECT MAX(g.id) FROM gambar g WHERE g.calon_id = c.id)
ORDER BY c.pusat, c.giliran;
```

இதில் படம் இல்லாதவருக்கும் ஒரு வரி வரும், `fail` மட்டும் வெறுமையாக இருக்கும். இரண்டு முறை ஏற்றியவருக்குக் கடைசியாக ஏற்றிய படம் மட்டும் வரும். முந்தைய வினவலில் எந்தப் படம் கடைசியாக எழுதப்பட்டதோ அதுதான் சீட்டில் நின்றிருக்கும், அது பழையதா புதியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. `fail` வெறுமையாக இருந்தால் நிரல் படத்தை வரையாமல், கட்டத்தை மட்டும் வரைந்து, உள்ளே "படத்தை இங்கே ஒட்டி முத்திரை இடவும்" என்று எழுத வேண்டும். முத்திரை பாதி படத்தின்மேலும் பாதி தாளின்மேலும் விழ வேண்டும் என்பதால், கட்டத்தின் ஓரத்தில் வேறு எழுத்து எதையும் வைக்காமல் இரண்டு சென்டிமீட்டராவது காலியாக விடுங்கள்.

படுத்துக் கிடக்கும் படங்களைப் பற்றி ஒரு சொல். கைப்பேசி, படத்தைத் திருப்பாமலேயே சேமித்துவிட்டு, "இதைத் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதிவைக்கும். படம் காட்டும் செயலிகள் அந்தக் குறிப்பைப் பார்த்துத் திருப்பிக் காட்டுகின்றன, ரிப்போர்ட்லேப் திருப்புவதில்லை. அதனால்தான் உங்கள் கணினியில் நேராகத் தெரிந்த படம் பிடிஎஃப்பில் படுத்துக்கொள்கிறது.

```python
im = ImageOps.exif_transpose(Image.open(path)).convert("RGB")
im = ImageOps.fit(im, (413, 591), centering=(0.5, 0.35))
```

413க்கு 591 என்பது 35க்கு 50 மில்லிமீட்டரை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்ட அளவு. நடுப்புள்ளியை 0.35 என்று சற்று மேலே தள்ளியிருப்பது, நீளமான படத்தை வெட்டும்போது தலைமுடி போகாமல் மார்புப்பகுதி போக வேண்டும் என்பதற்காக. கைப்பேசிப் படத்தை அப்படியே போட்டால் ஒவ்வொரு சீட்டும் மூன்று, நான்கு மெகாபைட் ஆகும். 640 சீட்டையும் ஒரே கோப்பாக அச்சகத்துக்கு அனுப்பும் நாளில் அது தெரியும்.

பார்கோடு ஏன் படிக்கவில்லை என்பதைச் சொல்ல, நீங்கள் அதை எப்படி வரைகிறீர்கள் என்பதைக் காட்ட வேண்டும்.

---

பிறைத் தொண்டர்

வேறொரு நிரலகம் கொண்டு கோட் 128 பார்கோடைப் படக்கோப்பாக உருவாக்குகிறேன். அதில் இரண்டு பக்கமும் வெள்ளை இடம் நிறைய வீணாக இருந்ததால் அதை வெட்டிவிட்டு, மாணவர் படத்தைப் போலவே 413 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, 35 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் போடுகிறேன். சுற்றிலும் அழகுக்காக ஒரு சட்டம் வரைந்திருக்கிறேன்.

---

செந்தூல் நிரலர்

வீணான இடம் என்று நீங்கள் வெட்டியது பார்கோட்டின் ஒரு பகுதி. கோடுகள் எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன என்பதை ஸ்கேனர் அந்த வெள்ளை இடத்தை வைத்துத்தான் அறிகிறது. கோட் 128 முறையில் மிக மெல்லிய கோட்டின் அகலத்தை ஓர் அலகு என்று கொண்டால், இரு பக்கமும் பத்துப் பத்து அலகு வெள்ளையாக இருக்க வேண்டும். உங்கள் சீட்டில் அந்த இடத்தில் சட்டம் நிற்கிறது, ஸ்கேனருக்கு அது இன்னொரு கோடு. கையை நேராகப் பிடித்தவருக்குச் சில வேளை படிக்கிறது, சற்றுச் சாய்த்தவருக்குப் படிக்கவில்லை.

இரண்டாவது குறை சுருக்கியதில் இருக்கிறது. பத்து இலக்கத்தை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் 11 அலகு. தொடக்கக் குறி 11, சரிபார்ப்புக் குறி 11, முடிவுக் குறி 13. மொத்தம் 90 அலகு. 413 புள்ளியை 90 அலகுக்குப் பங்கிட்டால் ஓர் அலகுக்கு 4.59 புள்ளி வருகிறது. பாதிப்புள்ளி என்று ஒன்று கிடையாது, ஆகவே ஒரு கோடு நான்கு புள்ளியாகவும் அடுத்தது ஐந்தாகவும் விழும், அல்லது ஓரம் சாம்பல் நிறமாகக் கலங்கும். சுழியம் விழுந்த ஒன்பது இலக்க எண்களில் ஓர் இலக்கம் இணையில்லாமல் நிற்பதால், முறையை மாற்றும் குறியும் சேர்ந்து 101 அலகு ஆகியிருக்கும். உங்கள் பினாங்குத் தாள்களில் கோடுகள் சற்று மெலிந்திருந்தால் காரணம் அதுதான்.

படக்கோப்பே வேண்டாம். ரிப்போர்ட்லேப்பே கோடுகளாக வரையும், அச்சுப்பொறி எந்தத் துல்லியத்தில் இருந்தாலும் ஓரம் கூர்மையாக விழும்:

```python
from reportlab.lib.units import inch, mm
from reportlab.graphics.barcode import code128

bc = code128.Code128(giliran, barWidth=4*inch/300,
                     barHeight=14*mm, quiet=1)
bc.drawOn(c, 95*mm, 18*mm)
```

அலகின் அகலம் ஓர் அங்குலத்தில் 300இல் நான்கு பங்கு என்று வைத்தது வேண்டுமென்றே. 300 புள்ளி அச்சுப்பொறியில் அது சரியாக 4 புள்ளி, 600 புள்ளி அச்சுப்பொறியில் சரியாக 8 புள்ளி, பின்னம் வராது. 90 அலகும் சேர்ந்து 30.5 மில்லிமீட்டர். ரிப்போர்ட்லேப் இரு பக்கமும் தானே கால் அங்குலம் வெள்ளையாக விடுவதால் மொத்தம் 43 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். படத்தின் கீழ் 35 மில்லிமீட்டரில் அது அடங்காது. எனவே படத்தின் கீழிருந்து எடுத்து, சீட்டின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோங்கள், சட்டம் வேண்டாம். மூன்று புள்ளி அலகாகக் குறைத்து, வெள்ளை இடத்தையும் பத்து அலகாக நீங்களே குறித்துவிட்டால் 28 மில்லிமீட்டரில் அடங்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் பழைய நகல் இயந்திரத்தில் அச்சிடப்போகிறவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அச்சக ஐயாவுக்கு: எழுத்துரு வழி வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கோட் 39 முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் 16 அலகு வரை ஆகிறது, உடுக்குறி இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு எழுத்து, அதே கோட்டு அகலத்தில் ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் நீளும். சரிபார்ப்பு இலக்கமும் அதில் கட்டாயமில்லை. கூப்பனில் எண் தவறினால் ஒரு பரிசு போகும், இங்கே ஒரு மாணவரின் வருகை இன்னொருவருக்குப் போய்விடும்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம்

65 மில்லிமீட்டர் என்பதை ஏற்கிறேன், எங்கள் கூப்பன் எண்கள் ஐந்து இலக்கம்தான். ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன், இது நிரலர்களுக்குத் தெரியாதது. பிடிஎஃப்பை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும், அச்சிடுபவர் அச்சுப் பெட்டியில் `Fit` என்பதை அப்படியே விட்டுவிட்டால் பக்கம் சுருங்கும். `Actual size` தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினாலும் படிக்க மாட்டார்கள். சீட்டின் அடியில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய கோடு ஒன்றை வரைந்துவிடுங்கள். முதல் தாளை அடிக்கோலால் அளந்து 97 வந்தால் அந்தக் கட்டு முழுவதும் சுருங்கியிருக்கிறது.

---

செந்தூல் நிரலர்

அந்தக் கோடு எனக்குத் தோன்றவே இல்லை, ஐயா. நன்றி.

---

ஜெலுத்தோங் மணி (பினாங்கு)

தலைப்பிலிருந்து சற்று விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சீட்டில் பார்கோடு ஒழுங்காக இருக்கிறது, ஆனால் மேலே "தேர்வு நுழைவுச்சீட்டு" என்று தமிழில் எழுதினால் "தே" என்பதில் இரட்டைக்கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மூன்று முறை மாற்றினேன், பயனில்லை. கௌரவத்தோடு அனுப்பக்கூடிய தாளாக அது இல்லை.

---

செந்தூல் நிரலர்

எழுத்துருவின் குற்றமில்லை, மணி அண்ணா. கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தும் வேலையை யாராவது செய்ய வேண்டும். ரிப்போர்ட்லேப் வழக்கமான நிலையில் எழுத்துகளைத் தட்டச்சிட்ட வரிசையிலேயே வைத்துவிடும். மாணவர் பெயர்கள் அடையாள அட்டையில் உள்ளபடி ரோமன் எழுத்தில்தான் இருக்கும் என்றால், மாறாத தமிழ் வரிகள் அனைத்தையும் லிப்ரே ஆபிஸில் ஒரே முறை அமைத்துப் பிடிஎஃப்பாக எடுத்து அடித்தாளாக வைத்துக்கொண்டு, பெயர், படம், பார்கோடு மூன்றையும் மட்டும் ரிப்போர்ட்லேப்பில் வரைந்து, பைபிடிஎஃப்பின் `merge_page` கொண்டு அதன்மேல் பதித்துவிடுவது எளிது. பெயரும் தமிழில் வேண்டும் என்றால் வீசிபிரிண்ட்டுக்குப் போய்விடுங்கள், அது கொம்பைச் சரியாக வைக்கும்.

---

பட்டர்வொர்த் ஆசிரியை

பெற்றோர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒரு ஐயம்: சீட்டில் அடையாள அட்டை எண்ணையே பார்கோடாக வைத்தால் இன்னும் உறுதியாக இருக்காதா?

---

செந்தூல் நிரலர்

வைக்க வேண்டாம், அக்கா. மாணவர்கள் சீட்டைப் படம் எடுத்துக் குழுக்களில் பகிர்ந்துகொள்வார்கள். அந்தப் படத்திலுள்ள பார்கோடைக் கைப்பேசியால் படித்தாலே பிறந்த தேதியோடு முழு எண்ணும் கிடைத்துவிடும். எழுத்தில் தெரியவில்லை என்பதால் மறைந்திருக்கிறது என்று ஆகாது. ஆங்கா கிலிரான் வெளியானால் அடுத்த ஆண்டு அது செல்லாத எண்.

---

பிறைத் தொண்டர்

மாற்றிவிட்டேன். வினவலில் 640 வரிகள், கோப்புறையில் 640 கோப்புகள், அவற்றில் 34 சீட்டுகளில் வெற்றுக் கட்டம். பினாங்கில் அச்சிட்ட 40 தாள்களையும் ஸ்கேனர் முதல் முறையிலேயே படித்தது, சுழியமும் இருக்கிறது. கோலாலம்பூர் மையம் ஒன்றில் மட்டும் 40 தாள்களில் மூன்று இன்னும் அடம்பிடிக்கின்றன. அடிக்கோலால் அளக்கச் சொன்னேன், கோடு சரியாக 100 மில்லிமீட்டர் இருக்கிறதாம்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம்

மையைச் சேமிக்கும் நிலையில் இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் கருமை குறைந்து மெல்லிய கோடுகள் முதலில் வெளுக்கும்.

---

செந்தூல் நிரலர்

எனக்கு ஐயமாக இருக்கிறது. மை குறைந்தால் நாற்பதும் ஒரே மாதிரி வெளுக்க வேண்டும், மூன்று மட்டும் ஏன்? அந்த மூன்றும் அடுத்தடுத்து வந்த தாள்களா, கோடுகளின் குறுக்கே வெள்ளைக் கீற்று ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படம் எடுத்து அனுப்பினால் நல்லது.

---

பிறைத் தொண்டர்

கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை அந்த மூன்று தாள்களையும் பேருந்தில் வரும் தொண்டர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறார்களாம்.